சிவிங்கிப்புலி ஓட்டத்தை நிறுத்துவது சூட்டினாலா?

கேள்வி: "சிவிங்கிப்புலி மட்டும் எப்படி இவ்வளவு வேகமா ஓடுது? அந்த வேகத்துல ஏன் ஒரு நிமிஷம் கூட ஓட முடியல? உடம்பு சூடாகி மூளை கெட்டுடும், அதனாலதான் நிறுத்திடுதுன்னு ஒரு வீடியோல பார்த்தேன். அது உண்மையா?"

மூளை கெட்டுவிடும் என்ற கதையை நீங்கள் மட்டும் கேட்கவில்லை, கால்நடை மருத்துவம் படிக்க வரும் பிள்ளைகளே முதல் வருடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நான் பெங்களூரில் பல வருடமாக ரேஸ் குதிரைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர், நடுவில் உடலியங்கியல் பாடமும் எடுத்திருக்கிறேன். சிவிங்கி என் நோயாளி இல்லை. ஆனால் ஓடும் தசை, அதன் எரிபொருள், ஓடி முடித்த உடம்பின் சூடு, இவைதான் என் அன்றாட வேலை, அதனால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், சூடு என்ற விளக்கம் 1973-இல் வெளியான ஒரு சோதனையிலிருந்து வந்தது, காட்டில் நிஜமாக வேட்டையாடும் சிவிங்கியை அளந்தபோது அந்த விளக்கம் எடுபடவில்லை. உண்மையான கட்டுப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது, அதுவும் அந்த வேகத்தைத் தரும் அதே தசைக்குள்.

முதலில் வேகத்தையே கொஞ்சம் சரிசெய்துகொள்வோம். மணிக்கு 120 கி.மீ. என்று எங்கும் எழுதியிருப்பார்கள். யாராவது ஒழுங்காக அளந்த எண்கள் அதைவிடக் குறைவு. பழக்கிய ஒரு சிவிங்கியை 1965-இல் நேர்ப்பாதையில் ஓடவிட்டு அளந்ததில் வினாடிக்கு 29 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 104 கி.மீ. கிடைத்தது. அமெரிக்காவின் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையின் சாரா என்ற பெண் சிவிங்கி 2012-இல் 100 மீட்டரை 5.95 வினாடியில் ஓடியது. காட்டில் அளந்ததில் மிக முக்கியமானது லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜைச் சேர்ந்த ஆலன் வில்சன் குழு போட்ஸ்வானாவில் செய்தது. ஐந்து சிவிங்கிகளின் கழுத்தில் ஜிபிஎஸ்ஸும் அசைவை அளக்கும் கருவியும் சேர்ந்த காலரை மாட்டி, 367 ஓட்டங்களைப் பதிவு செய்து, 2013-இல் வெளியிட்டார்கள். அதில் உச்சம் மணிக்கு 93 கி.மீ. அந்த உச்சம் எப்போதோ ஒருமுறைதான் வந்தது என்பதுதான் இதில் சுவாரசியம். பெரும்பாலான வேட்டைகளில் அது தொட்ட அதிகபட்ச வேகத்தின் சராசரி மணிக்கு 54 கி.மீ. மட்டுமே, ஓடிய தூரத்தின் சராசரி 173 மீட்டர். நம்ம ஊர் ரேஸ் குதிரை 1200 மீட்டர் பந்தயத்தை ஒரு நிமிடம் பத்துப் பன்னிரண்டு வினாடியில் முடித்தால் அதன் சராசரியே மணிக்கு 60 கி.மீ. ஆகிவிடும். சிவிங்கியின் சாதாரண நாள் வேகத்தைக் குதிரை தாண்டிவிடுகிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் எண்கள் அப்படித்தான் சொல்கின்றன.

சரி, அப்படியானால் சிவிங்கியை மற்ற விலங்குகளிலிருந்து எது தனித்துக் காட்டுகிறது? அந்த 93-ஐ அது எவ்வளவு சீக்கிரம் எட்டுகிறது என்பதுதான். காலர் பதிவுகளின்படி ஒரே ஒரு தாவலில் வினாடிக்கு 3 மீட்டர் வரை வேகத்தைக் கூட்டுகிறது, அதாவது ஒரு தாவலுக்கு மணிக்குப் பத்து கி.மீ. கூடுகிறது. அப்போது தசை தரும் திறன் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 120 வாட். பந்தய நாயான கிரேஹவுண்டுக்கு இதே அளவு சுமார் 60, உசைன் போல்ட் 100 மீட்டர் உலக சாதனை ஓட்டத்தில் எட்டியது அதிலும் பாதிக்கும் குறைவு. இவ்வளவு திறன் பின்னங்கால் தசைகளிலிருந்தும் முதுகுத் தசைகளிலிருந்தும் வருகிறது. சிவிங்கியின் தொடைத் தசையை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அதில் பத்தில் எட்டுக்கும் மேல் வேகமாகச் சுருங்கும் இழைகள் என்று கண்டிருக்கிறார்கள். இந்த இழைகள் பளிச்சென்று சுருங்கும், பெரும் விசை தரும், ஆக்சிஜன் வரும்வரை காத்திருக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இங்கேதான் திரும்பி வரப்போகிறோம்.

திறன் மட்டும் இருந்து பயனில்லை, அதை மண்ணுக்குள் செலுத்த வேண்டும். வேகமாக ஓடும் எந்த விலங்குக்கும் இருக்கிற சிக்கல் இது: வேகம் கூடக்கூட ஒவ்வொரு பாதமும் மண்ணில் இருக்கும் நேரம் குறைந்துகொண்டே போகும், ஆனால் உடம்பைத் தாங்கவும் முன்னே தள்ளவும் வேண்டிய விசை முழுவதும் அந்தச் சிறிய நேரத்துக்குள்தான் கிடைத்தாக வேண்டும். ஒரு கட்டத்துக்குமேல் அந்த நேரம் போதாது, அதோடு வேகம் நின்றுவிடும். சிவிங்கி இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு அதன் முதுகெலும்பு. நீளமான, நன்றாக வளையும் முதுகு. கால்கள் வயிற்றுக்குக் கீழே ஒன்றாகக் கூடும்போது முதுகு வில்லாக வளைகிறது, பிறகு நிமிரும்போது பின்னங்கால்கள் இடுப்போடு சேர்ந்து பின்னால் வீசப்படுகின்றன. இதனால் பாதம் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, கொஞ்சம் பின்னாலேயே எழும்புகிறது, மண்ணில் இருக்கும் நேரம் நீள்கிறது. ஒரு தாவலுக்கு ஆறு ஏழு மீட்டர் போகிறது, அதில் இரண்டு முறை நான்கு கால்களும் தரையில் இல்லாமல் பறக்கிறது. மெதுவாக்கிய வீடியோ கிடைத்தால் அந்த இரண்டு கட்டங்களையும் பாருங்கள். ஒன்றில் உடம்பு நீட்டி விரிந்திருக்கும், மற்றொன்றில் சுருண்டு பின்னங்கால் முன்னங்காலைத் தாண்டி முன்னே வந்திருக்கும். குதிரையிடம் இந்த விரிந்த கட்டம் கிடையாது, அதன் முதுகு பலகை மாதிரி விறைப்பானது.

அப்புறம் நகம். பூனை இனத்தில் பெரும்பாலானவை நகத்தை உறைக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும், சிவிங்கிக்கு அந்த உறை இல்லை. அதன் நகம் எப்போதும் வெளியே நீட்டி, ஓட்ட வீரர்களின் ஷூ முள்ளைப் போல மண்ணைக் கவ்வுகிறது. காலர் பதிவில் அது திரும்பும்போது பக்கவாட்டில் தாங்கிய விசையைப் பார்த்தால், அந்தப் பிடி வெறும் உராய்வினால் வந்திருக்க முடியாது, நகம் மண்ணுக்குள் இறங்கித்தான் வந்திருக்க வேண்டும். காரின் டயர்கூட இந்த அளவுக்குத் தாங்காது.

லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் விப்ஸ்நேட் மிருகக்காட்சிசாலையிலும் தென்னாப்பிரிக்காவிலும் காப்பகச் சிவிங்கிகளை இழுத்துச் செல்லும் இரைப் பொம்மைக்குப் பின்னால் ஓடவிட்டு, கிரேஹவுண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிவிங்கி வினாடிக்கு 17.8 மீட்டர், கிரேஹவுண்ட் 19 மீட்டர். நாய் ஜெயித்துவிட்டது! கூண்டில் வளர்ந்த விலங்குக்கு முழு வேகத்தில் ஓட ஒரு காரணமும் இல்லை, சாப்பாடு எப்படியும் வரும் என்று அதற்குத் தெரியும், அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கிரேஹவுண்ட் எந்த வேகத்திலும் ஏறக்குறைய ஒரே தாளத்தில் கால் வைக்கிறது, சிவிங்கியோ வேகம் கூடும்போது தாளத்தையும் கூட்டுகிறது. கியர் மாற்ற அதற்கு இன்னும் இடமிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம். சூட்டுக் கதை எங்கிருந்து வந்தது என்றால், ஹார்வர்டில் டெய்லர், ரௌன்ட்ரீ என்ற இருவர் இரண்டு சிவிங்கிகளை டிரெட்மில்லில் ஓடப் பழக்கி உடல் வெப்பத்தை அளந்தார்கள். ஓடும்போது உண்டாகும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கை அவை வெளியே விடாமல் உடம்புக்குள்ளேயே தேக்கிவைத்தன. வெப்பம் 40.5 டிகிரியைத் தாண்டியதும் மேற்கொண்டு ஓட மறுத்து நின்றுவிட்டன. 1973-இல் இது வெளியானது. நல்ல சோதனைதான், எண்களில் குறையில்லை. ஆனால் டிரெட்மில்லில் அவை ஓடிய வேகம் காட்டு வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராதது, ஓட்டமோ வேட்டையைவிடப் பல மடங்கு நீண்டது. அதை எடுத்துக் காட்டு வேட்டைக்கும் பொருத்தியபோதுதான் கதை பிறந்தது. புத்தகங்கள் அதை எடுத்தன, பிறகு டிவி, பிறகு யூடியூப். நடுவில் யாரோ மூளையையும் சேர்த்துவிட்டார்கள்.

இந்தக் கதையைச் சோதிக்க ஆய்வுக்கூடம் கூட வேண்டாம், ஒரு தாள் போதும். ஒரு ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம், வேண்டுமென்றே மிகைப்படுத்தி. 120 வாட் என்பது ஓரிரு தாவலில் மட்டும் வருவது, ஆனால் அதில் பாதியான 60 வாட் 15 வினாடி முழுக்க இருந்தது என்று வைத்துக்கொள்வோம், நிஜத்தில் அவ்வளவு இருக்காது. ஒரு கிலோ உடம்புக்கு 60-ஐ 15-ஆல் பெருக்கினால் 900 ஜூல் வேலை. தசை நூறு பங்கு ஆற்றலை எரித்தால் ஏறக்குறைய இருபத்தைந்து பங்குதான் வேலையாகும், மீதி வெப்பம். எனவே எரிந்தது மொத்தம் 3600 ஜூல். ஓடி நின்ற பிறகு அந்த வேலையும் ஏதோ ஒரு வழியில் வெப்பமாகத்தான் முடியும், கால்கள் பிரேக் போடும்போது அதில் பெரும்பகுதி தசைக்கே திரும்புகிறது. ஆகவே மொத்தத்தையும் உடம்பிலேயே சேர்த்துவிடுவோம். ஒரு கிலோ உடம்பின் வெப்பத்தை ஒரு டிகிரி கூட்ட சுமார் 3500 ஜூல் வேண்டும். ஆக, எல்லாவற்றையும் மிகைப்படுத்தி, ஒரு துளி வெப்பத்தைக்கூட வெளியே விடாமல் கணக்குப் போட்டாலும் உடல் வெப்பம் ஏறுவது சுமார் ஒரு டிகிரி. 38.5-இலிருந்து 39.5. பந்தயம் முடிந்து வரும் குதிரைக்கு நான் தெர்மாமீட்டர் வைத்தால் 40, சில சமயம் 41 காட்டும். அது நடந்து போய், தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிக்கொண்டு, சாயங்காலம் கொள்ளு தின்கிறது. 39.5-க்கு எந்தப் பாலூட்டியின் மூளையும் கெடாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். இது முழு உடம்பின் சராசரி. வெப்பம் பிறப்பது வேலை செய்யும் தசையில், அதை ரத்தம் எடுத்துப் போய்ப் பரப்பக் கொஞ்ச நேரமாகும். அதனால் தொடைத் தசை மட்டும் அந்த நேரத்தில் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகச் சூடாகியிருக்கலாம். அது தசைக்கு நல்லதுதான், கொஞ்சம் சூடான தசை வேகமாகச் சுருங்கும். பந்தயத்துக்கு முன்னால் குதிரையை ஏன் ஓட்டிச் சூடாக்குகிறோம் என்றால் இதற்காகத்தான்.

தாள் கணக்கு போதாது என்பவர்களுக்கு அளவும் இருக்கிறது. நமீபியாவில் நான்கு சிவிங்கிகளின் உடம்புக்குள் சிறிய வெப்பமானிகளைப் பொருத்தி, ஒவ்வொரு நிமிடமும் வெப்பம் பதிவாகும்படி செய்து, அவற்றை அவற்றின் போக்கில் வேட்டையாட விட்டார்கள். இதுவும் 2013-இல் வெளியானது. ஓட்டத்தை நிறுத்திய கணத்தில் உடல் வெப்பத்தின் சராசரி 38.4 டிகிரி. சாதாரண வெப்பம்! அதாவது பாதியில் கைவிட்ட வேட்டைகளைச் சூட்டினால் கைவிடவில்லை. வேட்டை முடிந்த பிறகுதான் வெப்பம் ஏறியது. இங்கே எனக்குப் பிடித்த பகுதி: இரை கிடைத்த வேட்டைக்குப் பிறகு 1.3 டிகிரி ஏறியது, இரை தப்பிய வேட்டைக்குப் பிறகு 0.5 டிகிரிதான், ஓடிய அளவோ இரண்டிலும் ஒன்றே. ஓட்டத்தின் சூடு என்றால் இரண்டிலும் ஒரே அளவு ஏறியிருக்க வேண்டும். ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம், அது பதற்றத்தின் சூடு என்பது. பிடித்த இரையைச் சிங்கமோ கழுதைப்புலியோ வந்து பிடுங்கிவிடும் என்ற பயத்தோடு அது சாப்பிடுகிறது. வெப்பம் எப்போது ஏறியது என்பது அளந்து பார்த்த உண்மை, காரணம் பயம் என்பது அவர்களுடைய ஊகம், ஆனால் நல்ல ஊகம். ஆஸ்பத்திரிக்கு வேனில் வந்து இறங்கும் குதிரைக்கும் நாய்க்கும் காய்ச்சலே இல்லாமல் ஒரு டிகிரி ஏறியிருப்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

சூடு இல்லை என்றால் எது? முதல் பதில் எரிபொருள். தசை சுருங்குவதற்கு ஏடிபி என்ற மூலக்கூறு வேண்டும். அது தசையில் கையிருப்பாக இருப்பது ஓரிரு வினாடிக்குத்தான் போதும். அதைத் திரும்ப நிரப்ப உடனடி வழி கிரியேட்டின் பாஸ்பேட், அது முழு விசையில் இன்னும் சில வினாடி தாங்கும். அடுத்தது தசையில் சேர்த்துவைத்த கிளைகோஜனை ஆக்சிஜன் இல்லாமல் உடைப்பது, இதிலிருந்து லாக்டேட் வரும். கடைசியாக ஆக்சிஜனோடு எரிப்பது, இதுதான் நாள் முழுக்க ஓடும், ஆனால் மெதுவாகக் கொடுக்கும். முதல் மூன்றும் மடியில் இருக்கும் பணம் மாதிரி, எடுத்த எடுப்பில் செலவழிக்கலாம், தீர்ந்தால் தீர்ந்ததுதான். நான்காவது மாதச் சம்பளம். சிவிங்கியின் வேக இழைகள் முழுக்க முழுக்க மடிப்பணத்தில் வாழ்பவை. ஆக்சிஜன் இல்லாமல் கிளைகோஜனை உடைக்க வேண்டிய நொதிகள் அவற்றில் ஏராளம், ஆக்சிஜனோடு எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கொஞ்சம். முன்னால் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதைத்தான். 120 வாட் கொடுக்கும் இழையும் அரை நிமிடத்தில் களைக்கும் இழையும் ஒன்றேதான். தசைக்குள் இடம் அளவானது, சுருங்கும் புரதத்தை நெருக்கி அடைத்தால் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் ரத்த நுண்குழாய்க்கும் இடம் குறையும்.

களைப்பு என்றதும் எல்லோரும் லாக்டிக் அமிலத்தைத்தான் திட்டுவார்கள். அது முழுக் கதை இல்லை. முழு விசையில் ஓடும்போது தசைக்குள் அமிலத்தன்மை கூடுவது ஒன்று, கிரியேட்டின் பாஸ்பேட் உடைந்து வெளிவரும் பாஸ்பேட் தேங்குவது இன்னொன்று, இந்த இரண்டாவது சுருங்கும் புரதத்தின் பிடியையே தளர்த்துகிறது. லாக்டேட் குற்றவாளி இல்லை, குற்றம் நடந்த இடத்தில் இருந்த சாட்சி. ரேஸ் முடிந்து ஐந்து நிமிடத்தில் குதிரையின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் லாக்டேட் லிட்டருக்கு 20 மில்லிமோலைத் தாண்டியிருக்கும், ஓய்வில் அது ஒன்றுக்கும் கீழே. ஆனாலும் குதிரை ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடியிருக்கிறதே, எப்படி? அதற்கு நான்கைந்து கிலோ எடையில் இதயம் இருக்கிறது, ஓடத் தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கிச் சேமித்துவைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டுகிறது, பந்தயத்தின் நடுவிலேயே ஆக்சிஜன் வழி முழு வேகத்துக்கு வந்துவிடுகிறது. சிவிங்கியின் ஓட்டம் அந்த வழி சூடுபிடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. முடிந்த பிறகுதான் மூச்சு வாங்குகிறது. அந்த மூச்சிரைப்பைப் பார்த்துத்தான் உடம்பு வெந்துவிட்டது என்று வீடியோவில் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் வெப்பமும் வெளியே போகிறது, ஆனால் பெரும்பாலும் அது செலவான கிரியேட்டின் பாஸ்பேட்டைத் திரும்ப நிரப்பவும் தேங்கிய அமிலத்தைச் சரிசெய்யவும் வாங்கும் ஆக்சிஜன்.

இந்த எல்லையை மீறினால் என்ன ஆகும் என்பதை குதிரையில் நேராகப் பார்க்கலாம். தயாராகாத குதிரையை முழு விசையில் ஓட்டிவிட்டு மறுநாள் காலையில் கூப்பிடுவார்கள். "பின்பக்கம் கெட்டியாயிடுச்சு டாக்டர், நடக்கவே மாட்டேங்குது" என்பார் குதிரையைப் பராமரிக்கும் சைஸ். கையை வைத்தால் இடுப்புத் தசை இறுகிப்போய் இருக்கும், தொட்டாலே உதறும், வேர்வை கொட்டும், சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் வரும். தசை இழைகள் உடைந்து உள்ளே இருந்த மையோகுளோபின் சிறுநீரகம் வழியாக வெளியே வருகிறது. காட்டு விலங்குகளைப் பிடிக்கும்போது, அதிலும் மான்களை வண்டியில் துரத்திப் பிடிக்கும்போது, இதே மாதிரி தசைச் சிதைவில் சில நாள் கழித்துச் செத்துப்போவது உண்டு. தன் இஷ்டத்துக்கு வேட்டையாடும் சிவிங்கி அந்த எல்லைக்குப் பக்கத்தில் போவதே இல்லை, வெகு முன்னாலேயே நின்றுவிடுகிறது.

இங்கேதான் பலர் விட்டுவிடும் இரண்டாவது பதில் வருகிறது. சராசரி ஓட்டம் 173 மீட்டர்தான், அதே காலர் பதிவில் 400 மீட்டருக்கு மேலும் போன ஓட்டங்கள் உண்டு. எரிபொருள்தான் ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது என்றால் இந்த வித்தியாசம் இருக்கக் கூடாது. பெரும்பாலான முறை அது தீர்ந்துபோவதற்கு முன்பே, லாபமில்லை என்று தெரிந்து விட்டுவிடுகிறது. ஒரு வேட்டையை நினைத்துப் பாருங்கள். புல்லுக்குள் பதுங்கி அறுபது எழுபது மீட்டர் வரை நெருங்கிவிட்டது. இரையான இம்பாலா மான் தலையை நிமிர்த்தியதும் சிவிங்கி பாய்கிறது. முதல் சில வினாடியில் இடைவெளி வேகமாகக் குறைகிறது, இந்த நேரத்தில்தான் அந்த 120 வாட். பிறகு இம்பாலா நேராக ஓடாமல் சட்டென்று வெட்டித் திரும்புகிறது. மணிக்கு 90 கி.மீ.யில் வரும் சிவிங்கியால் அந்த வளைவை எடுக்க முடியாது, அதனால் அதுவும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். காலர் பதிவில் இரை கிடைத்த வேட்டைகளையும் தப்பிய வேட்டைகளையும் ஒப்பிட்டபோது உச்ச வேகத்திலோ ஓடிய தூரத்திலோ வித்தியாசம் இல்லை, கடைசியில் எவ்வளவு பலமாக பிரேக் போட்டது என்பதில்தான் வித்தியாசம். ஒரே தாவலில் வினாடிக்கு 4 மீட்டர் வரை வேகத்தைக் குறைக்கிறது, கூட்டுவதைவிடக் குறைப்பதில் இன்னும் கெட்டிக்காரத்தனம். ஒவ்வொரு பிரேக்குக்குப் பிறகும் மீண்டும் வேகமெடுக்க மடியிலிருந்துதான் பணம் எடுக்க வேண்டும். இம்பாலா இரண்டு மூன்று முறை நன்றாக வெட்டித் திரும்பிவிட்டால் கணக்கு அதன் பக்கம் சாய்ந்துவிடும். ஐந்து சிவிங்கிகளின் வேட்டைகளில் நாலில் ஒன்றுதான் பலித்தது.

வேகத்தையும் நீண்ட ஓட்டத்தையும் ஒரே உடம்பில் ஏன் வைக்கக் கூடாது என்று கேட்பீர்கள். வட அமெரிக்காவின் பிராங்ஹார்ன் மான் ஏறக்குறைய வைத்திருக்கிறது. மணிக்கு 65 கி.மீ. வேகத்தில் பல கி.மீ. தொடர்ந்து ஓடும். அதற்குப் பெரிய நுரையீரல், பெரிய இதயம், மைட்டோகாண்ட்ரியா நிறைந்த தசை, அதன் எடைக்கு எதிர்பார்ப்பதைவிட மூன்று மடங்கு ஆக்சிஜனை எரிக்கும் திறன். ஆனால் ஒரு தாவலில் பத்து கி.மீ. வேகம் கூட்டுவதை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. பெரிய உடம்பும் உதவாது. 2017-இல் வெளியான ஒரு கணக்குமுறை ஆய்வு பூச்சியிலிருந்து திமிங்கிலம் வரை வேகங்களை வரைந்து பார்த்தது: எடை கூடினால் தசையும் கூடும், ஆனால் பெரிய உடம்பை உச்ச வேகத்துக்குக் கொண்டுபோக அதிக நேரமாகும், அதற்குள் ஆக்சிஜன் இல்லாத எரிபொருள் தீர்ந்துவிடும். யானை அதன் தசை அனுமதிக்கும் வேகத்தை ஒருநாளும் தொடாது. நாற்பது ஐம்பது கிலோ சிவிங்கி எரிபொருள் தீர்வதற்குள் உச்சத்தைத் தொட்டுவிடும் எடையில் உட்கார்ந்திருக்கிறது. இது காலர் பதிவு மாதிரி நேரடி அளவு இல்லை, ஒரு மாதிரிக் கணக்குதான், ஆனால் அளந்த வேகங்களோடு நன்றாகப் பொருந்துகிறது.

கடைசியாக, இதை எங்கே எழுதினாலும் கீழே யாராவது வந்து, "அப்படியானால் குனோவில் குட்டிகள் வெயிலில் செத்ததே?" என்று கேட்பார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். 2023 மே மாதம் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில் ஜுவாலா என்ற தாய்க்குப் பிறந்த நான்கு குட்டிகளில் மூன்று செத்தன. வெயில் 46, 47 டிகிரி இருந்த நாட்கள், குட்டிகள் எடை குறைந்து, நீர்ச்சத்து வற்றிப்போய் இருந்தன என்று அதிகாரிகள் சொன்னார்கள். காற்றே உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது நாள் முழுக்க வெப்பம் உள்ளே வருகிறது, இரண்டு மாதக் குட்டிக்கு அதை வெளியேற்றத் தண்ணீர் வேண்டும். அது மணிக்கணக்கில் ஏறும் வெப்பம், பதினைந்து வினாடி ஓட்டத்தில் ஏறும் ஒரு டிகிரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வளர்ந்த சிவிங்கியும் நடு மதியத்தைத் தவிர்த்துக் காலையிலும் மாலையிலும் அதிகம் வேட்டையாடுவது உண்மைதான், சில சமயம் நிலா வெளிச்சத்திலும் ஓடும். வெயில் அது எப்போது புறப்படுகிறது என்பதை முடிவு செய்கிறது. எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதைத் தொடைத் தசையும் முன்னால் ஓடும் மானும்தான் முடிவு செய்கின்றன.